தேர்வுப் பதற்றத்தை அளக்க எட்டுக் கூற்றுகள்: ஒரு சிறு கணக்கெடுப்பை வடிவமைக்கும் முறை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவும் சேர்த்து 40 பிள்ளைகள். அவர்களுடைய உணர்வுகளைப் பற்றி எளிய கணக்கெடுப்பு ஒன்று நடத்த விரும்புகிறேன். மகிழ்ச்சி, பயம், கோபம், தனிமை என்று 20 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். இவை சரியாக அளக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தலைமையாசிரியர் சம்மதம் போதுமா, பெற்றோரிடமும் கேட்க வேண்டுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியரின் சம்மதம் பள்ளிக்குள் கணக்கெடுப்பு நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. அது பெற்றோரின் இசைவுக்கு ஈடாகாது. பெற்றோரின் இசைவும் பிள்ளையின் விருப்பத்துக்கு ஈடாகாது. மூன்றும் தனித்தனியாக வேண்டும். அளவீட்டைப் பொறுத்தவரை, கையிலுள்ள 20 கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, ஒரே உணர்வை, ஒரே சூழ்நிலையில், ஒரே கால அளவுக்குள் கேட்கும் எட்டுக் கூற்றுகளோடு தொடங்குங்கள் என்பதே என் கருத்து. கல்வியியல் மாணவர்களுக்கு அளவீட்டுப் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில், பள்ளிக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பழுதாவது கணக்குப் போடும்போது அல்ல, எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமலே கேள்வி எழுதத் தொடங்கும்போதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

"உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கணக்குத் தேர்வை நினைத்து "ஆம்" என்று எழுதும். இன்னொன்று குடித்துவிட்டு வரும் தகப்பனை நினைத்து எழுதும். மூன்றாவது, மாலையில் இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து தோப்பு வழியாக நடந்து போவதை நினைத்து எழுதும். மூன்று விடைகளுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் கிடைக்கும் எண் எதையும் குறிக்காது. அளக்க நினைத்ததைத்தான் கருவி அளக்கிறதா என்பதே ஏற்புடைமை. மீண்டும் அளந்தாலும், ஒரே பொருளைப் பற்றிய வேறு கூற்றுகளால் அளந்தாலும், ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறதா என்பது நம்பகத்தன்மை. எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கேள்விகளுக்கும் ஆசிரியருக்குப் பிடித்த விடையையே எழுதினால் நம்பகத்தன்மை மிக உயர்வாகத் தெரியும், ஏற்புடைமை அறவே இராது. ஆகவே ஏற்புடைமையைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும்.

உங்கள் பள்ளிக்கு நான் பரிந்துரைக்கும் பொருள் தேர்வுப் பதற்றம், அதுவும் ஓணப் பரீட்சைக்கு முந்தைய ஏழு நாட்களில் உள்ள பதற்றம். 40 பிள்ளைகளும் ஒரே நிகழ்வை ஒரே வாரத்தில் எதிர்கொள்வதால் சூழ்நிலை ஒன்றாகிறது. முடிவு தெரிந்தபின் பள்ளியால் செய்யக்கூடியதும் சில உண்டு. தேர்வு அட்டவணையை முன்கூட்டியே தருவது, மாதிரி வினாத்தாளை வகுப்பில் எழுதிப் பார்க்க வைப்பது போன்றவை. தனிமையையோ வீட்டுச் சண்டையையோ பற்றிக் கேட்டுவிட்டு, விடை தெரிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயமன்று.

தேர்வுப் பதற்றத்தைப் பற்றிய ஆய்வுகளில் அடிப்படையான ஒன்றை லீபர்ட், மாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் வெளியிட்டனர். தேர்வுப் பதற்றம் ஒரே பொருளன்று, அதற்கு இரண்டு கூறுகள் உண்டு என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். ஒன்று, "தவறிவிடுவேனோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ" என்று மனத்தில் ஓடும் கவலை எண்ணம். மற்றொன்று, நெஞ்சு அடித்துக்கொள்வது, கை வியர்ப்பது போன்ற உடல் சார்ந்த படபடப்பு. மதிப்பெண் குறைவதோடு கூடுதலாகத் தொடர்புடையது கவலை எண்ணமே என்பதைப் பிற்கால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதி செய்துள்ளன. எனவே இரண்டுக்கும் நான்கு நான்கு கூற்றுகள் எழுதி, இரண்டு மொத்தங்களாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கூற்றுகளை நீங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதாமல், பிள்ளைகளின் வாயிலிருந்து எடுக்க வேண்டும். கணக்கெடுப்பில் சேராத பத்தாம் வகுப்பு மாணவர் சிலரிடம், "தேர்வு நெருங்கும்போது உங்கள் வயதுப் பிள்ளைகள் என்னவெல்லாம் சொல்வார்கள், எப்படியெல்லாம் இருப்பார்கள்?" என்று பொதுவாகக் கேளுங்கள். அவரவர் சொந்தக் கதையைக் கேட்க வேண்டாம். கிடைத்தவற்றை இரு குவியல்களாகப் பிரித்து, வேறு இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்து, எந்தக் கூற்று எந்தக் கூறில் சேரும் என்று அவர்களே பிரிக்கட்டும். இருவரும் வெவ்வேறு குவியலில் வைக்கும் கூற்றை நீக்கிவிடலாம். அப்படி வரும் முதல் வரைவு ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

கடந்த ஏழு நாட்களில்,

1. படித்தது மறந்துபோய்விடுமோ என்று நினைத்தேன்.
2. மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நினைத்தேன்.
3. மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்களோ என்று நினைத்தேன்.
4. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றும் தோன்றாமல் போய்விடுமோ என்று நினைத்தேன்.
5. தேர்வை நினைத்தபோது நெஞ்சு படபடத்தது.
6. தேர்வை நினைத்தபோது கை வியர்த்தது.
7. தேர்வை நினைத்ததால் தூக்கம் வரத் தாமதமானது.
8. காலையில் வயிறு என்னவோ செய்தது.

விடைக்கு "எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்" என்று கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரு பிள்ளையின் "அடிக்கடி" இன்னொரு பிள்ளையின் "எப்போதாவது" ஆக இருக்கலாம். அதற்குப் பதிலாக நாட்களை எண்ணச் சொல்லுங்கள்: ஒருநாளும் இல்லை என்றால் 0, ஒன்று அல்லது இரண்டு நாட்கள் என்றால் 1, மூன்று அல்லது நான்கு நாட்கள் என்றால் 2, ஐந்து நாட்களோ அதற்கு மேலோ என்றால் 3. சிரித்த முகம், அழுத முகம் வரைந்த படங்கள் சிறு பிள்ளைகளுக்குச் சரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைச் சிறுபிள்ளைத்தனமாக எண்ணி விளையாட்டாகக் குறித்துவிடுவார்கள்.

எட்டுக் கூற்றுகளிலும் "இல்லை" என்று முடிவது ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனமின்றி ஒரே கட்டத்தைக் குறித்துக்கொண்டே போகும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க எதிர்மறைக் கூற்றுகளைக் கலக்கச் சொல்லும் நூல்கள் உண்டு. தமிழில் "எனக்குப் படபடப்பு வரவில்லை" என்ற கூற்றுக்கு "ஒருநாளும் இல்லை" என்று விடை குறித்தால் வந்தது என்று பொருளா, வரவில்லை என்று பொருளா என்று பெரியவர்களே தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் மதிப்பெண்ணில் பிழையாகச் சேரும். கவனமின்மையை அறிய, எட்டு விடையும் ஒரே எண்ணாக உள்ள தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே போதும். எட்டும் 0 ஆக இருப்பது உண்மையாகவே பதற்றமில்லாத பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதால், அந்தத் தாள்களை நீக்காமல் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லைப் பகுதியிலோ அதுதான் மிகவும் தேவையானது. பத்தாம் வகுப்பிலிருந்து ஐந்தாறு பேரை, அவர்கள் பெற்றோரின் இசைவோடு, ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, "இது எதைக் கேட்கிறது? உன் வார்த்தையில் சொல். இந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேளுங்கள். திருத்தவோ விளக்கவோ வேண்டாம், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் தமிழில் படித்து, கடையிலும் பேருந்திலும் மலையாளத்தில் பேசி, சில வீடுகளில் தெலுங்கிலும் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். உணர்வைக் குறிக்கும் சொற்கள் இரு மொழிகளிலும் ஒன்றுபோல் ஒலித்துப் பொருளில் விலகி நிற்பது அவர்களுக்கு அன்றாடச் சங்கதி. "சங்கடமாக இருந்தது" என்று நீங்கள் எழுதினால், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை தர்மசங்கடத்தை நினைக்கலாம். மலையாளம் கலந்து வளர்ந்த பிள்ளை துக்கத்தை நினைக்கும். "விஷமம்" என்றால் தமிழில் குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம். "டென்ஷன்" எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் ஒருவர் கோபத்துக்கும், மற்றொருவர் அவசரத்துக்கும், இன்னொருவர் பயத்துக்கும் அதைச் சொல்கிறார். இதனால்தான் மேலே உள்ள கூற்றுகளில் உணர்வின் பெயர் எதுவும் இல்லை. மனத்தில் ஓடிய எண்ணமும் உடலில் நேர்ந்ததும் மட்டுமே உள்ளன. பெயரைக் கேட்டால் விடையில் மொழி வேறுபாடும் கலந்துவிடும்.

இந்த உரையாடலில்தான் எட்டாவது கூற்றின் குறையும் வெளிப்படும். "காலையில் வயிறு என்னவோ செய்தது" என்பதற்கு 3 குறித்த பிள்ளையிடம் காரணம் கேட்டால், "ஏழு மணி பஸ்சைப் பிடிக்கணும், சாப்பிடாம வந்துடுவேன்" என்று சொல்லக்கூடும். அந்த விடை பசியை அளந்தது, பதற்றத்தை அன்று. மற்ற மூன்று உடல் கூற்றுகளிலும் "தேர்வை நினைத்து" என்ற சொல் இருக்கிறது, இதில் இல்லை. உரையாடலில் இதைக் கவனிக்காமல் விட்டாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இப்போது வருகிறேன்.

ஒரே கூறைச் சேர்ந்த கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்ட, கிரான்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபா என்ற எண் பயன்படுகிறது. அது பெரும்பாலும் 0-க்கும் 1-க்கும் இடையில் அமையும். அதைக் கணக்கிட விலக்க வர்க்கச் சராசரி தெரிந்தால் போதும்; அது பிள்ளைகளின் விடைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் எண், பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்குப் பழக்கமானது. கூற்றுகள் உண்மையிலேயே ஒரே பொருளை அளந்தால், ஒன்றில் உயர்ந்த பிள்ளை மற்றவற்றிலும் உயர்ந்திருக்கும், அதனால் மொத்த மதிப்பெண்ணின் சிதறல் தனிக் கூற்றுகளின் சிதறல்களைக் கூட்டினால் வருவதைவிட மிகப் பெரிதாகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாவிட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகும், ஆல்ஃபா 0-வை நெருங்கும்.

முறையைக் காட்டுவதற்காக எண்களை எடுத்துக்கொள்வோம். உடல் படபடப்பின் நான்கு கூற்றுகளுக்கும் விலக்க வர்க்கச் சராசரி முறையே 0.8, 0.9, 0.7, 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 3.6. நான்கையும் கூட்டிய மொத்த மதிப்பெண்ணின் விலக்க வர்க்கச் சராசரி 6.4. 3.6-ஐ 6.4-ஆல் வகுத்தால் 0.5625, 1-லிருந்து அதைக் கழித்தால் 0.4375, கூற்றுகள் நான்கு என்பதால் 4/3-ஆல் பெருக்கினால் ஆல்ஃபா 0.58. இது குறைவு. இப்போது எட்டாவது கூற்றை எடுத்துவிட்டுப் பார்ப்போம். வயிற்றுக் கூற்று மற்ற மூன்றோடும் தொடர்பே இல்லாமல் பசியை மட்டும் அளந்திருந்தால், மொத்தத்தின் சிதறலிலிருந்து 1.2 மட்டும் குறைந்து 5.2 ஆகும். மீதி மூன்றின் கூட்டல் 2.4. 2.4-ஐ 5.2-ஆல் வகுத்து, 1-லிருந்து கழித்து, 3/2-ஆல் பெருக்கினால் 0.81. ஒரு கூற்றை நீக்கியதும் எண் உயர்வது, அந்தக் கூற்று வேறெதையோ அளக்கிறது என்பதற்கு அடையாளம். கணினியில் 40 பிள்ளைகளின் விடைகளை B முதல் E வரையிலும், அவற்றின் கூட்டலை F-இலும் இட்டால் இந்த வாய்பாடு போதும்:

```
=(4/3)*(1-(VAR(B2:B41)+VAR(C2:C41)+VAR(D2:D41)+VAR(E2:E41))/VAR(F2:F41))
```

ஆல்ஃபா 0.7-க்கு மேல் என்றால் நல்லது என்ற வழக்கத்தைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். "நெஞ்சு படபடத்தது, நெஞ்சு துடித்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது" என்று ஒரே கூற்றை மூன்று விதமாக எழுதினால் ஆல்ஃபா 0.95-ஐத் தொடும், ஆனால் அளந்தது படபடப்பின் ஒரு சிறு துண்டை மட்டுமே. 40 பேரை வைத்துக் கணக்கிட்ட எண் அடுத்த 40 பேரிடம் கணிசமாக மாறலாம் என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். எட்டுக் கூற்றுகளையும் சேர்த்து ஒரே ஆல்ஃபா கணக்கிட வேண்டாம். கூறுகள் இரண்டு என்பதால் கணக்கும் இரண்டு.

இந்த எண் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இன்னொரு கணக்கு தெளிவாக்கும். மூன்று கூற்றுகளின் மொத்தம் 0 முதல் 9 வரை வரும். விலக்க வர்க்கச் சராசரி 5.2, ஆல்ஃபா 0.81 என்றால், 5.2-ஐ 0.19-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க, ஒரு தனிப் பிள்ளையின் மதிப்பெண்ணில் உள்ள அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 1 என்று கிடைக்கும். உண்மையான நிலை இருபுறமும் இந்தப் பிழையின் இரு மடங்கு வரை விலகியிருக்கலாம் என்பதால், 5 வாங்கிய பிள்ளையின் உண்மையான நிலை 3-லிருந்து 7-க்குள் எங்கும் இருக்கலாம். எனவே 5 வாங்கியவரையும் 6 வாங்கியவரையும் ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. "இந்தப் பிள்ளைக்குப் பதற்ற நோய் இருக்கிறது" என்று சொல்ல இந்தக் கருவிக்கு அறவே தகுதி இல்லை. வகுப்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு காலங்களில் வகுப்பு எப்படி மாறியது என்று சொல்லலாம்.

அந்த இரண்டாவது பயனே ஏற்புடைமைக்கு நல்ல சான்றாகவும் அமையும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து, ஜூலையில் தேர்வு எதுவும் அருகில் இல்லாத ஒரு வாரத்தில் அதே தாளைக் கொடுங்கள். பிறகு ஓணப் பரீட்சைக்கு முந்தைய வாரம் கொடுங்கள். தேர்வுப் பதற்றத்தை உண்மையாகவே அளக்கும் கருவி இரண்டாம் முறை உயர்ந்த சராசரியைக் காட்ட வேண்டும். இரண்டு முறையும் ஒரே அளவு வந்தால், அந்தப் பிள்ளைகளின் பொதுவான மனநிலையையோ, வீட்டுச் சூழலையோ, ஆசிரியர் முன் எழுதும் தயக்கத்தையோ அளந்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். மறுமுறைச் சோதனையை நம்பகத்தன்மைக்காகச் செய்வதாக இருந்தால் இந்த இடைவெளி உதவாது, ஏனென்றால் உணர்வே மாறியிருக்கும். அதற்கு ஒரே வாரத்துக்குள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொடுக்க வேண்டும். மாணவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு ஏற்புடைமையை நிறுவ முயல வேண்டாம். மதிப்பெண் குறைவுக்குப் பதற்றத்தைத் தவிரவும் எத்தனையோ காரணங்கள் உண்டு. மேலும் ஒப்பிட வேண்டுமானால் பெயர் தேவைப்படும். பெயர் வந்தால் நேர்மையான விடை போய்விடும்.

பெயரின்றி இரண்டு தாள்களை இணைப்பது எப்படி என்று கேட்பீர்கள். எண் எழுதிய சீட்டுகளை ஒரு பையில் போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றை எடுத்துத் தன் பென்சில் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு தாள்களிலும் அந்த எண்ணை மட்டும் எழுதட்டும். தாயின் பெயரின் முதல் எழுத்தும் பிறந்த தேதியும் சேர்த்துக் குறியீடு அமைக்கும் முறை பெரிய கல்லூரிகளுக்கு ஏற்றது. 40 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு எல்லாருடைய பிறந்த தேதியும் வருகைப் பதிவேட்டோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதே காரணத்தால் தாளில் பாலினம், ஊர், சாதி, பெற்றோரின் தொழில் எதையும் கேட்க வேண்டாம். வேலந்தாவளத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகள் இரண்டே பேர் என்றால், ஊரும் பாலினமும் சேர்ந்தால் அதுவே பெயர். "உன் மனத்தில் உள்ளதை எழுது" என்று காலியிடம் விடுவதும் வேண்டாம். உங்களுக்கு எல்லாருடைய கையெழுத்தும் தெரியும். கட்டத்தில் போடும் குறிக்குக் கையெழுத்து இல்லை. தாளைக் கொடுத்து வாங்குவதும் நீங்களாக இருக்கக் கூடாது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர், முடிந்தால் வேறு பள்ளியைச் சேர்ந்தவர், கொடுக்கட்டும். எழுதிய தாளை மடித்துப் பிள்ளைகளே மூடிய பெட்டியில் போடட்டும். ஆசிரியர் வரிசைக்கிடையே நடந்துகொண்டிருந்தால் இரண்டாவது கூற்றுக்கு 3 குறிக்கும் துணிவு பலருக்கு வராது.

இசைவைப் பற்றி இப்போது விரிவாகச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், குழந்தைகள் பங்குபெறும் ஆய்வில் பெற்றோரின் இசைவோடு, 7 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளையிடம் எழுத்திலும் சம்மதம் பெறச் சொல்கின்றன. அவை மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவை. இருந்தாலும் உணர்வு பற்றிய பள்ளிக் கணக்கெடுப்புக்கும் இதைவிடத் தாழ்ந்த அளவுகோல் பொருந்தாது. கைபேசியில் படிவம் அனுப்பி விடை வாங்க எண்ணினால், 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வகுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கேட்கிறது. 40 பேருக்குத் தாளே எளிது. கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தாமாகப் பதிவாகிவிடும் தொல்லையும் இல்லை.

"மறுப்பு இருந்தால் மட்டும் எழுதி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வோம்" என்ற வழியை ஏற்காதீர்கள். உங்கள் பகுதியில் விடியலில் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெற்றோர் இருப்பார்கள். கடிதத்தை அவர்கள் பார்த்தார்களா என்பதே தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் தமிழிலும் மலையாளத்திலும் வாசித்துக் காட்டி, வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியின் முன் விளக்கிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கலாம். கடிதம் இவ்வளவு எளிதாக இருந்தால் போதும்:

"ஓணப் பரீட்சைக்கு முன் பிள்ளைகளுக்கு எவ்வளவு பதற்றம் இருக்கிறது என்று அறிய எட்டுக் கேள்விகள் கொண்ட தாளை ஜூலையில் ஒரு முறையும் பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரு முறையும் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஆகும். பெயர் எழுத வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை கலந்துகொள்ளாவிட்டாலும் மதிப்பெண்ணிலோ பள்ளியில் கிடைக்கும் எதிலுமோ மாற்றம் இராது. இப்போது சம்மதித்துப் பிறகு வேண்டாம் என்றாலும் சரி. கேள்விகளை இத்துடன் இணைத்திருக்கிறோம். கேட்க வேண்டியது இருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்."

கேள்விகளை இணைப்பது முக்கியம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று பார்க்காமல் போடும் கையெழுத்து இசைவாகாது. கையெழுத்திட்ட தாளும் விடைத்தாளும் ஒன்றோடொன்று சேரவே கூடாது, தனித்தனி உறைகளில் இருக்க வேண்டும். பிள்ளையிடம், "உன் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள், ஆனாலும் உனக்கு விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம், பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லி, எழுத்திலும் கேட்க வேண்டும். எழுதாத பிள்ளை மற்றவர் கண்ணில் படாமல் இருக்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்து, அதில் கேள்வித்தாளோடு ஒரு குறுக்கெழுத்துப் புதிரும் வையுங்கள். விருப்பமில்லாதவர் புதிரை மட்டும் செய்து அதே பெட்டியில் போடலாம். பேனா, மிட்டாய் எதையாவது கொடுத்தால் கலந்துகொள்ளாதவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இசைவு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். 40-இல் 26 பேரே எழுதியிருந்தால், விடுபட்ட 14 பேர் கூடுதல் பதற்றம் உள்ளவர்களா, குறைந்தவர்களா என்று தெரியாது. முடிவு அந்த 26 பேரைப் பற்றியது மட்டுமே.

உங்கள் பட்டியலில் "வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றியதா?" என்பது போன்ற கேள்வி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை அதற்கு "ஆம்" என்று குறித்தால், உதவி தேவைப்படும் பிள்ளை வகுப்பில் இருக்கிறது என்று தெரியும், யார் என்று தெரியாது. அத்தகைய கேள்வியைக் கேட்கும் தகுதி, விடையை உடனே பார்த்து அன்றே அந்தப் பிள்ளையோடு பேசக்கூடிய பயிற்சி பெற்றவருக்குத்தான் உண்டு. எட்டு எளிய கூற்றுகளும் யாரையாவது கலங்கச் செய்யலாம் என்பதால், கணக்கெடுப்பு நாளன்று பள்ளி ஆலோசகர் வளாகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாளின் கீழே, பிள்ளை கிழித்து எடுத்துக்கொள்ளும்படி, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அச்சிடுங்கள். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. "தாளில் எழுதுவது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது, நேரில் வந்து சொன்னால், உன் பாதுகாப்புக்குத் தேவையான ஒருவரிடம் சொல்ல வேண்டி வரலாம்" என்பதே சொல்லத் தகுந்த வாக்கு.

கால வரிசையைப் பொறுத்தவரை, ஜூன் மாதத்தில் கூற்றுகளைத் திரட்டி, அதே மாதக் கடைசியில் ஐந்தாறு பேரிடம் வாசித்துக் கேட்டுத் திருத்தி, பெற்றோர் கூட்டத்தில் இசைவு வாங்கி, ஜூலையில் முதல் சுற்றை நடத்தலாம். ஓணப் பரீட்சைக்கு முந்தைய வாரம் இரண்டாம் சுற்றை முதல் பாடவேளையில் நடத்துங்கள். கடைசிப் பாடவேளையில் பேருந்து நினைப்பில் குறித்துத் தள்ளுவார்கள். மாதிரித் தேர்வின் மதிப்பெண் அறிவித்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், அன்று அளப்பது வேறு உணர்வு.

முடிவுகளை இரு கூறுகளுக்கும் இரு சுற்றுகளின் சராசரியாகவும், ஒவ்வொரு கூற்றுக்கும் எத்தனை பேர் 2 அல்லது 3 குறித்தனர் என்றும் எழுதினால் போதும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் தனியாக வெளியிட வேண்டாம். இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டு ஆசிரியர்களைத் தரம் பிரிக்கவும் வேண்டாம், அதற்கு இந்த எண்கள் தாங்காது. ஆசிரியர் கூட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் பிள்ளைகளிடமே ஒரு பாடவேளையில் முடிவைச் சொல்லி, அவர்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். "படித்தது மறந்துபோய்விடுமோ" என்பதில் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் 2 அல்லது 3 குறித்திருந்தால் அது ஏன் என்று அவர்களே சொல்வார்கள், அந்த விளக்கம் எட்டுக் கூற்றுகளில் கிடைக்காதது. அறிக்கை எழுதி முடிந்ததும் விடைத்தாள்களைக் கிழித்து அழித்துவிட்டு, எண்கள் மட்டும் உள்ள கோப்பையும் இசைவுத்தாள்களையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும் பெற்றோர் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.